சொரசொரப்பான தோல்: தேய்ப்பதா, தளர்த்துவதா?

இறகு பிடுங்கிய கோழியின் தோல் எப்படிப் புள்ளி புள்ளியாகப் புடைத்திருக்கும் என்பதை நாம் அறிவோம். அதே தோற்றம் நம்மில் பலருக்கு மேற்கையின் வெளிப்புறத்திலும் தொடையிலும் உண்டு. தடவிப் பார்த்தால் அரம் போல் உறுத்தும். மருத்துவர்கள் இதனைக் ‘கெரட்டோசிஸ் பைலாரிஸ்’ என்பர். இது தொற்றுநோய் அன்று, அழுக்கும் அன்று. ஆனால் அழுக்கென்று எண்ணித் தேய்ப்பவர்களே மிகுதி.

விடுதியில் என் அறைத்தோழியும் அப்படித்தான் எண்ணினாள். நாள்தோறும் குளிக்கும்போது பீர்க்கங்காய் நாரால் கைகளைத் தேய்த்தாள். பிறகு சர்க்கரையும் எண்ணெயும் கலந்து தேய்த்தாள். குளித்த சிறிது நேரம் கை வழவழப்பாக இருக்கும். மறுநாள் மீண்டும் சொரசொரப்பு. ஒரு மாதத்தில் ஒவ்வொரு புடைப்பைச் சுற்றியும் பழுப்புப் புள்ளி விழுந்தது. முழுக்கைச் சட்டையில்லாமல் வகுப்புக்கு வர மறுத்தாள்.

காரணம் எளிது. மயிர்க்காலின் வாயில் ‘கெரட்டின்’ என்னும் புரதம் திரண்டு அடைப்பாக நிற்கிறது. நாரும் சர்க்கரையும் அந்த அடைப்பின் தலையை மட்டுமே சீவும்; உள்ளிருக்கும் பகுதியை எட்டா. அதே வேளையில் உராய்வு சுற்றியுள்ள நல்ல தோலைப் புண்படுத்துகிறது. நம் போன்ற மாநிறத் தோல் புண்பட்டால் நிறமியை அதிகமாகச் சுரக்கும். அப்பழுப்புப் புள்ளிகள் தேய்த்ததற்குக் கிடைத்த கூலியே.

அமிலம் செயற்படும் முறை வேறு. தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் செங்கல் போல் அடுக்கப்பட்டு, புரதத் தையல்களால் பிணைக்கப்பட்டுள்ளன. பாலிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட லாக்டிக் அமிலமும், கரும்புச் சாற்றில் உள்ள கிளைக்காலிக் அமிலமும் அத்தையல்களைத் தளர்த்துகின்றன. செல்கள் தாமாகவே உதிர்கின்றன. மீன் செதில் போல் தோல் தடிக்கும் நோய்க்கு இவை பயன்படுவதை வான் ஸ்காட், யூ என்னும் ஆய்வாளர்கள் 1974-இல் வெளியிட்டனர். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையக்கூடியது. ஆகவே மயிர்க்காலின் எண்ணெய்ப் பசைக்குள்ளும் நுழையும்.

வேதியியல் மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அயனியாகாத அமிலமே தோலுக்குள் எளிதில் புகும். லாக்டிக் அமிலத்தின் pKa 3.86. எனவே pH 3.86 உள்ள 12 சதவீதக் களிம்பில் பாதி, அதாவது 6 சதவீதம், அயனியாகாமல் இருக்கும். pH 4.86 என்றால் அது சுமார் 1 சதவீதமே. புட்டியில் இரண்டிலும் ‘12’ என்றே அச்சிட்டிருக்கலாம். ஒன்று எரியும், மற்றொன்று இதமாயிருக்கும். எலுமிச்சைச் சாற்றின் pH ஏறத்தாழ 2. அதைத் தோலில் தேய்த்து வெயிலில் நின்றால் கொப்புளமே வரலாம்.

என் தோழிக்கு 12 சதவீத லாக்டிக் அமிலக் களிம்பு கிடைத்தது. அவள் செய்த தவறு, நாரையும் விடாமல் களிம்பை இரவுதோறும் பூசியதுதான். பத்தாம் நாள் வெறும் தண்ணீர் பட்டாலே கை எரிந்தது. வழக்கமான தேங்காயெண்ணெயும் சுருக்கென்றது. தோல் இழுத்துப் பிடித்தாற்போல் இறுகி, மெழுகு பூசியது போல் பளபளத்தது. பின்பு சிவந்து செதில் செதிலாக உரிந்தது. அளவுக்கு மீறி உரித்ததன் அடையாளங்கள் இவையே. இவற்றுள் பளபளப்புதான் ஏமாற்றும். அழகு கூடுகிறது என்று எண்ணி மேலும் பூசத் தோன்றும். உரிவதைக் கண்டு ‘இன்னும் இறந்த தோல் இருக்கிறது’ என்று மீண்டும் தேய்ப்பது அடுத்த தவறு. உண்மையில் ஈரத்தைக் காக்கும் சுவர் இடிந்துவிட்டது என்பதே பொருள்.

நாரையும் அமிலத்தையும் அறவே நிறுத்தினாள். குளித்த ஈரத்தோடு பெட்ரோலியம் ஜெல்லி மட்டும் தடவினாள். எரிச்சல் தணிய மூன்று வாரம் ஆயிற்று. நீர் கசிந்தாலோ கொப்புளம் கண்டாலோ மருத்துவரிடம் போயிருக்க வேண்டும். அந்த அளவுக்குப் போகவில்லை.

பிறகு வாரம் இரண்டு இரவு மட்டும், கை நன்கு உலர்ந்தபின், மெல்லியதாகப் பூசினாள். இரண்டு வாரம் எரிச்சல் இல்லையென்று கண்டபின்பே ஒன்றுவிட்ட நாளாக்கினாள். அமிலம் பூசிய தோல் வெயிலில் எளிதில் கருகும் என்பதால் பகலில் கைகளை மூடிக்கொண்டாள். ஆறு வாரத்தில் சொரசொரப்புப் பெரிதும் குறைந்தது. பழுப்புப் புள்ளிகள் மங்கப் பல மாதங்கள் பிடித்தன. தேர்வுக் காலத்தில் பூசுவதை விட்டபோது புடைப்புகள் மெல்லத் திரும்பின. இது அடியோடு தீர்வதன்று, அடக்கி வைப்பதே.

நாரை இன்னும் வைத்திருக்கிறாள், குதிகாலுக்கு மட்டும். அங்கே தோல் தடிமன்; தேய்ப்பைத் தாங்கும். மேற்கை தாங்காது.