பத்து ரூபாய்க்குச் சீரகம்

இதைக் கதையாகச் சொன்னால்தான் சுலபம். சங்கரன்கோவில் பக்கம் ஒரு சின்ன ஊர், பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு மளிகைக் கடை. கணினி படித்த மகள் அப்பாவுக்காக பில் போடும் செயலி ஒன்றை எழுதினாள். பொருளைத் தொட்டு எடையைத் தட்டினால் தொகை வந்துவிடும். வீட்டில் போட்டுப் பார்த்த பில்லெல்லாம் சரியாகவே இருந்தன.

கடைக்குக் கொண்டுவந்த முதல் நாள் காலையிலேயே மாட்டிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, பத்து ரூபாய்க்குச் சீரகம்."

சீரகம் கிலோ 300 ரூபாய். அப்படியானால் கிராம் 30 காசு. 33 கிராம் என்று தட்டினாள், 9.90 வந்தது. 34 தட்டினால் 10.20. பத்து ரூபாய் மட்டும் வரவே மாட்டேன் என்றது. அதற்குள் அப்பா பொட்டலம் மடித்துக் கொடுத்துவிட்டார்.

"எத்தனை கிராம்ப்பா போட்டீங்க?"

"பத்து ரூபாய்க்குப் போட்டேம்மா."

அவர் சொன்னதில் தப்பில்லை. எடையை விலையால் பெருக்கித் தொகை காண்பது பெரிய கடை வழக்கம். சில்லறை மளிகையில் தொகை முதலில் வரும், எடை அதன் பின்னால் வரும். அன்று ராத்திரி அவள் 'ரூபாய்க்கு' என்று இன்னொரு பொத்தான் வைத்தாள். அதை அழுத்தினால் பில்லில் பத்து ரூபாய் அப்படியே நிற்கும். வகுத்துக் கிடைக்கும் 33 கிராம், இருப்பில் கழிப்பதற்கு மட்டும். அப்பாவின் கை கொஞ்சம் தாராளம் என்பதால் இருப்புக் கணக்கு டப்பாவில் உள்ளதோடு ஒத்துப்போகாது. மாதக் கடைசியில் டப்பாவை நிறுத்துத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்த இடி பற்று நோட்டில் விழுந்தது. வாத்தியார் வீட்டில் இரண்டு லிட்டர் தேங்காய் எண்ணெய், லிட்டர் 320 என்று 640 ரூபாய்க்குக் கடனில் வாங்கியிருந்தார்கள். பத்து நாள் கழித்து விலை 360 ஆனது. செயலியில் புது விலையை ஏற்றினாள். சம்பளம் வந்து வாத்தியார் கணக்குக் கேட்டபோது திரையில் 720 நின்றது. அப்பா நோட்டைப் புரட்டினார். அதில் 640 என்றுதான் இருந்தது. வாத்தியார் சிரித்தார். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பில்லில் பொருளின் பெயரையும் அளவையும் மட்டும் சேமித்து, விலையை ஒவ்வொரு முறையும் விலைப்பட்டியலிலிருந்து எடுத்து வரும்படி எழுதியிருந்தாள். பட்டியல் மாறியதும் பழைய பில்லும் மாறிவிட்டது. புதிதாக எழுதுகிறவர்கள் வழக்கமாக வழுக்கும் இடம் இது. பில் போடும் நொடியிலேயே அன்றைய விலையை அந்த வரியிலேயே நகலெடுத்து வைக்க வேண்டும். அப்பாவின் நோட்டு காலங்காலமாக அதைத்தான் செய்துவந்தது.

உங்கள் கடைக்கு யாராவது பில் செயலி விற்க வந்தால் ஒன்று செய்யுங்கள். ஒரு பில் போட்டுவிட்டு, அந்தப் பொருளின் விலையை மாற்றி, மறுபடி அதே பில்லைத் திறந்து பாருங்கள். தொகை மாறியிருந்தால் வாங்காதீர்கள்.