பருப்பு வேகவில்லை என்று சொன்னால் போதும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹோட்டலில் மதியச் சாப்பாடு. வீட்டுக்கு வந்ததும் ‘வாயில் வைக்க முடியவில்லை’ என்று எழுதத்தான் கை போனது. அது உண்மையில்லை. இலையில் பாதிக்கு மேல் சாப்பிட்டிருந்தேன்.

அடித்துவிட்டு, கண்டதை மட்டும் எழுதினேன்: சாதம் ஆறியிருந்தது. சாம்பாரில் கிடந்த பருப்பை விரலால் அழுத்தினால் மசியவில்லை, இரண்டாகப் பிளந்தது. பருப்பு வேகாதது யார் சாப்பிட்டாலும் குறைதான். வத்தக்குழம்பில் எனக்குப் புளிப்பு தூக்கலாகப் பட்டது. அது என் நாக்கின் கணக்கு, எதிரில் இருந்தவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அதனால் ‘எனக்கு’ என்ற சொல்லைச் சேர்த்தேன்.

நான் போனது மணி இரண்டே முக்கால், பந்தி முடியும் நேரம். இதை மறைத்தால் ஹோட்டலுக்கு அநியாயம். பரிமாறியவரிடம் சொன்னதும் சூடான சாதம் கொண்டுவந்தார். சாம்பார் மட்டும் மாறவில்லை. இரண்டையும் எழுதினேன். ரசம் அருமை, அதையும்தான். ‘எப்போதும்’ என்று வந்த இடத்தில் ‘அன்று’ என்று திருத்தினேன். நான் போனது ஒரே ஒரு முறை.

கடைசி வரி இது: போகிறவர்கள் ஒரு மணிக்குள் போய்ப் பாருங்கள்.