முதல் இரண்டு வரியில் முழு விளக்கம்

ஒருவர் மனை வாங்கப் பேசி முடித்திருக்கிறார். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ‘வில்லங்கம் போட்டுப் பாருங்கள்’ என்று யாரோ சொல்கிறார்கள். அவர் அப்போதே கைப்பேசியை எடுத்து ‘வில்லங்க சான்று என்றால் என்ன’ என்று தேடுகிறார். இன்னொருவர் அதையே EC enral enna என்று ஆங்கில எழுத்தில் தட்டுகிறார். மூன்றாமவர் தேடுவது EC meaning in tamil. மூவருக்கும் வேண்டியது ஒன்றே. அந்தத் தாளில் என்ன இருக்கும், அதை நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இவர்களுக்காகத்தான் இணையத்தில் சொல்விளக்கப் பக்கங்கள் எழுதப்படுகின்றன. ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். மேலே தலைப்பு, அதன் கீழே விளக்கம். பார்க்க எளிதாக இருந்தாலும், தமிழில் வரும் இத்தகைய பக்கங்களில் பெரும்பாலானவை முதல் பத்தியிலேயே வாசகரைக் கைவிடுகின்றன.

முதலில் தலைப்பு. தேடல் முடிவில் நீல எழுத்தில் தெரியும் வரி பெரும்பாலும் பக்கத்தின் title குறிச்சொல்லிலிருந்து வருகிறது. இத்தனை எழுத்துகள்தான் என்று கூகுள் வரம்பு வைக்கவில்லை. திரையின் அகலத்தைப் பார்த்து அது வரியை வெட்டுகிறது. தமிழ் எழுத்துகள் அதிக இடம் பிடிப்பவை. நீளமான தலைப்பின் வால் தெரியாமல் போகும். அதனால் சொல்லும் கேள்வியும் முன்னால் நிற்க வேண்டும். ‘சொத்து வாங்குவோர் கவனத்துக்கு: நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வில்லங்கச் சான்று பற்றிய முழு விவரங்கள்’ என்று வைத்தால், தேடிய சொல் வருவதற்குள் வரி அறுந்துவிடும். இப்படி வைக்கலாம்:

```html
<title>வில்லங்கச் சான்று என்றால் என்ன? EC-யில் எவை தெரியும்?</title>
<h1>வில்லங்கச் சான்று என்றால் என்ன?</h1>
```

title தேடல் முடிவுக்கு. H1 பக்கத்தின் உள்ளே பெரிதாகத் தெரியும் தலைப்பு. இரண்டும் ஒரே பொருளைச் சொல்ல வேண்டும். முரண்பட்டாலோ, title வெறும் சொல்லடுக்காக இருந்தாலோ, கூகுள் அதை ஒதுக்கிவிட்டு h1-ஐயோ பக்கத்தில் உள்ள வேறொரு வரியையோ எடுத்துக் காட்டக்கூடும். EC என்ற எழுத்துகள் தலைப்பில் இருப்பதற்கும் காரணம் உண்டு. பத்திர எழுத்தரும் வங்கிக்காரரும் அப்படித்தான் சொல்கிறார்கள். தேடுபவருக்கும் அந்தப் பெயர்தான் காதில் விழுந்திருக்கும். சிலர் வில்லங்கச் சான்றுக்கு ஒரு பக்கம், EC-க்கு இன்னொரு பக்கம் என்று போடுகிறார்கள். ஒரே பொருளை இரண்டாகப் பிய்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும், இரண்டுமே பலவீனமாகும்.

தலைப்பை விட முதல் வாக்கியம் கடினமானது. 2014 முதல் கூகுள் சில கேள்விகளுக்கு ஒரு பக்கத்திலிருந்து சிறு பகுதியைப் பிய்த்தெடுத்து முடிவுகளின் உச்சியில் பெட்டிபோலக் காட்டுகிறது. ‘என் பத்தியை எடு’ என்று நாம் கேட்டு வாங்க முடியாது. வேண்டாம் என்று தடுக்க மட்டும் nosnippet என்ற குறிப்பு உண்டு. பெட்டியில் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றை மனத்தில் வைத்தே எழுத வேண்டும்: நம் பத்தி தலைப்பும் படமும் பின்தொடர்ச்சியும் இல்லாமல் தனியாக வாசிக்கப்படலாம். ‘இது’ என்று தொடங்கும் வாக்கியம் அங்கே எதைச் சொல்கிறது என்றே தெரியாது.

வழக்கமாகக் கண்ணில் படும் தொடக்கங்களைப் பார்ப்போம். ‘சொந்த வீடு என்பது ஒவ்வொருவரின் கனவு’ என்பது ஒரு வகை. கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ‘வில்லங்கச் சான்று என்பது சொத்தில் உள்ள வில்லங்கங்களைக் காட்டும் சான்று’ என்பது இன்னொன்று. வில்லங்கம் என்றால் என்னவென்று தெரியாமல்தானே அவர் தேடினார்? ‘மிக முக்கியமான சட்ட ஆவணம்’ என்ற விளக்கம் பட்டாவுக்கும் உயிலுக்கும்கூடப் பொருந்தும். எல்லாவற்றையும் விட ஆபத்தானது, ‘சொத்து உங்களுக்குத்தான் சொந்தம் என்பதை நிரூபிப்பது’ என்ற வரி. வாசிக்கத் தெளிவாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘வில்லங்கச் சான்று என்பது, ஒரு சொத்தின் மீது நாம் கேட்கும் காலத்துக்குள் பதிவான கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை போன்ற பத்திரங்களைப் பட்டியலிட்டுப் பதிவுத்துறை தரும் சான்று. பதிவாகாத கடனும் ஒப்பந்தமும் இதில் வராது. இதை மட்டும் வைத்துச் சொத்து ஒருவருக்குச் சொந்தம் என்று முடிவு செய்ய முடியாது.’

இதில் எந்தச் சொல்லையும் சும்மா வைக்கவில்லை. ‘பதிவுத்துறை தரும்’ என்பதால், வருவாய்த்துறை தரும் பட்டாவிலிருந்து இது பிரிந்துவிடுகிறது. ‘பதிவான’ என்ற சொல்லில்தான் சான்றின் பலமும் எல்லையும் இருக்கின்றன. சார்பதிவாளர் அலுவலகத்தின் பதிவேட்டில் ஏறாத எதுவும் அதற்குத் தெரியாது. ‘நாம் கேட்கும் காலத்துக்குள்’ என்ற பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால் என்ன ஆகும்? ஒரு மனைக்கு 2006-ல் அடமானப் பத்திரம் பதிவாகி, கடன் இன்னும் தீரவில்லை என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் 2010 முதல் இன்று வரைக்கும் வில்லங்கம் போடுகிறார். அந்தக் காலத்தில் வேறு பதிவு எதுவும் இல்லையென்றால் வில்லங்கம் ஏதுமில்லை என்றே சான்று வரும். சான்றில் தவறில்லை. அவர் கேட்ட ஆண்டுகளுக்கு அதுதான் பதில். அடமானமோ அப்படியே இருக்கிறது. காலத்தைச் சொல்லாத விளக்கத்தை வாசித்தவர் நிம்மதியாக அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்.

முதல் வாக்கியம் பொருள் எந்த வகை, அந்த வகையில் மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சொல்ல வேண்டும். இரண்டாவது வாக்கியம், மக்கள் அதைப்பற்றி வழக்கமாக எதைத் தவறாக நினைக்கிறார்களோ அதைத் திருத்த வேண்டும். எப்படி விண்ணப்பிப்பது, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் வேறு கேள்விகள். அவை கீழேயோ தனிப் பக்கத்திலோ வரட்டும். இரண்டு வரியில் எல்லாம் சொல்லிவிட்டால் பக்கத்துக்குள் யாரும் வரமாட்டார்களே என்று பதிப்பாளர்கள் அஞ்சுவது எனக்குத் தெரியும். வரவு குறையலாம் என்பது உண்மைதான். ஆனால் விடையை ஆறாவது பத்தியில் ஒளித்துவைக்கும் பக்கத்தை வாசகர் மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பார். மறுமுறை அந்தப் பெயரைப் பார்த்தாலே தாண்டிப் போவார்.

விளக்கம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. வாக்கியத்தில் ‘வில்லங்கச் சான்று’ இருக்கும் இடத்தில் ‘பட்டா’ என்று போட்டு வாசியுங்கள். அப்போதும் உண்மையாகவே ஒலித்தால் விளக்கம் தளர்வாக இருக்கிறது என்று பொருள். பக்கம் வெளியான பின், எந்தத் தேடல்களுக்கு அது காட்டப்பட்டது என்ற பட்டியலைக் கூகுளின் Search Console தருகிறது. அதில் ‘வில்லங்க சான்று பட்டா வித்தியாசம்’ போன்ற தேடல்கள் நிறைய வந்தால், வாசகர் எங்கே குழம்புகிறார் என்று தெரிந்துவிடும். அந்த வேறுபாட்டை விளக்கத்துக்கு அடுத்த பத்தியிலேயே சேர்க்கலாம்.

இத்தகைய பக்கங்களை எழுதும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளியிடும் முன், முதல் இரண்டு வரிகளை மட்டும் விஷயம் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். ‘சான்றில் வில்லங்கம் ஏதுமில்லை என்று வந்திருக்கிறது. இதை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?’ என்று கேளுங்கள். அவர் ‘கொடுக்கலாம்’ என்றால், அந்த வரிகளை மறுபடி எழுதுங்கள்.