உங்களுக்குத் தெரியுமா? பாதி முட்டை, எண்பத்தொரு அடுக்கு

"என்ன அண்ணாச்சி, உள்ளே பாதி முட்டைதானே இருக்கு?" சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே, கரிசல் மண்ணில் இருக்கும் இளையரசனேந்தல் மாதிரியான ஊர்களில் முட்டை பப்ஸைப் பிட்டதும் கிளம்பும் கேள்வி இது. அண்ணாச்சி கஞ்சத்தனம் பண்ணவில்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆனால் பாதி முட்டை வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நீளவாக்கில் வெட்டிய முட்டைக்குத் தட்டையான அடிப்பாகம் கிடைக்கிறது. அது மசாலாவின் மேல் உருளாமல் உட்காரும். முழு முட்டை உருண்டுபோய் மடிப்பைத் தள்ளும். அதன் உயரத்துக்கு மாவுத் தகட்டை இழுத்துப் போர்த்த வேண்டியிருப்பதால், வேகும்போது ஒட்டிய இடம்தான் முதலில் வாய் பிளக்கும்.

●

வெட்டிய முகம் மேலே இருக்க வேண்டுமா, கீழேயா? கீழேதான். மஞ்சள் கரு மசாலாவைத் தொட்டபடி கவிழ்ந்து கிடந்தால் அடுப்பில் காய்ந்து பொடியாகாது. மேலே தெரிவது வழவழப்பான வெள்ளை முதுகு, அது மாவைக் கிழிக்காது. இன்னொன்று, உதிர்ந்த மஞ்சள் கருவின் துகள்கள் மடிப்பு ஓரத்தில் சிந்தினால் அந்த இடத்தில் மாவு மாவோடு ஒட்டாது.

●

பப்ஸ் மாவில் ஈஸ்ட் கிடையாது, சோடா உப்பு கிடையாது. பிறகு எப்படி உப்புகிறது? வெறும் தண்ணீரால்! தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். ஒரு டீஸ்பூன் தண்ணீர் எட்டு லிட்டர் ஆவியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவுக்கும் மாவுக்கும் நடுவில் கொழுப்பு படலமாக இருப்பதால், மாவிலிருந்து கிளம்பும் ஆவி சட்டென்று வெளியேற முடியாமல் ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியாகத் தூக்கிவிடுகிறது. தூக்கிய நிலையிலேயே மாவு வெந்து விறைத்துக்கொள்கிறது. நாம் கடிக்கும்போது சட்டை முழுக்க உதிர்வது அந்தத் தகடுகள்தான்.

ஆக, மாவுக்குள் இருக்கும் தண்ணீர் பப்ஸுக்கு நண்பன். மசாலாவிலும் முட்டையிலும் இருக்கும் தண்ணீர் எதிரி. இந்த இரண்டையும் பிரித்து வைப்பதுதான் பேக்கரி மாஸ்டரின் வேலை.

●

பன்னிரண்டு பப்ஸுக்கு ஒரு கணக்கு. மைதா 300 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், மாவில் பிசைய 25 கிராம் கொழுப்பு, ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, குளிர்ந்த தண்ணீர் 165 மில்லி. உள்ளே மடிக்க 200 கிராம் வெண்ணெய் அல்லது பேக்கரிக்காரர்கள் வாங்கும் பப்ஸ் மார்ஜரின். முட்டை ஆறு. எலுமிச்சைச் சாறு ருசிக்காக இல்லை. அது மாவின் இழுவைத்தன்மையைத் தளர்த்துகிறது, தேய்க்கும்போது மாவு பின்னால் சுருங்காது.

பிசைந்த மாவை அரை மணி நேரம் ஆறவிட்டு, சதுரமாகத் தேய்த்து, நடுவில் கொழுப்பை வைத்து நான்கு பக்கமும் மூட வேண்டும். அதை நீளமாகத் தேய்த்து மூன்றாக மடித்தால் கொழுப்பு மூன்று அடுக்காகிறது. மறுபடி தேய்த்து மூன்றாக மடித்தால் ஒன்பது. மூன்றாம் முறை இருபத்தேழு, நான்காம் முறை எண்பத்தொன்று. கடைசியில் தகட்டை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான கனத்தில் தேய்த்து, ஓரங்களை வெட்டிவிட்டு, பன்னிரண்டு சென்டிமீட்டர் சதுரங்களாகப் போட்டால் பன்னிரண்டு துண்டு கிடைக்கும். இப்போது ஒரு கொழுப்பு அடுக்கின் கனம் எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்கு!

பிரெஞ்சு முறையில் ஆறு தடவை மடிப்பார்கள், 729 அடுக்கு வரும். முட்டை வைக்கிற பப்ஸுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் கட்சி. அடுக்கு மெலிய மெலியக் கொழுப்பு மாவோடு கலந்துவிடும் ஆபத்தும் கூடுகிறது, கரிசல் காட்டு வெயிலில் கேட்கவே வேண்டாம்.

●

அந்த வெயில் சும்மா சொல்கிற விஷயமில்லை. வெண்ணெய் முப்பத்திரண்டு, முப்பத்தைந்து டிகிரியிலேயே உருகிவிடும். சித்திரையில் கோவில்பட்டி வட்டாரத்தின் பகல் வெப்பம் அதைத் தாண்டியே நிற்கும். மேசையில் தேய்க்கும்போதே வெண்ணெய் எண்ணெயாகி மாவுக்குள் இறங்கினால், அடுக்கு என்பதே இருக்காது. வெந்து வருவது பப்ஸ் அல்ல, தடித்த பிஸ்கட். அதனால்தான் பப்ஸ் மார்ஜரினை நாற்பது டிகிரியைத் தாண்டியும் உருகாமல் தாங்கும்படி தயாரிக்கிறார்கள். விடியலுக்கு முன்பே மாவு மடிக்கிற பழக்கமும் இதற்காகத்தான். வீட்டில் வெண்ணெயில் செய்பவர்கள் ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவே அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்காமல் தப்ப முடியாது.

●

சில பப்ஸ் தின்ற பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல் இருக்கிறதே, ஏன்? நம் வாயின் சூடு முப்பத்தேழு டிகிரி. நாற்பதைத் தாண்டி உருகும் கொழுப்பு வாயில் முழுதாக உருகுவதில்லை. வெயிலைத் தாங்க வைக்கும் குணமே வாயில் ஒட்டும் குற்றமாகிறது. ஒரு காலத்தில் இந்தக் கெட்டித்தன்மையை, எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அதில் டிரான்ஸ் கொழுப்பு சேர்ந்துவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பின் அளவை 2021-இல் மூன்று சதவீதமாகவும், 2022 ஜனவரி முதல் இரண்டு சதவீதமாகவும் குறைத்தது.

●

மசாலா வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? வெங்காயத்தைச் சோம்பு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், இஞ்சி பூண்டு விழுதோடு வதக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள், கரம் மசாலா போட்டுச் சுருட்டுகிறோம். கரண்டியால் சட்டியின் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்குள் நீர் கசிந்து வந்தால் இன்னும் வதக்க வேண்டும். எண்ணெய் மட்டும் மினுங்கினால் இறக்கலாம். தக்காளி போடாத பேக்கரிகள் பல உண்டு, அது ருசி தெரியாமல் இல்லை. மீறிப்போய் மசாலா தளர்ந்துவிட்டால் பொரிகடலையைப் பொடித்து ஒரு ஸ்பூன் தூவினால் நீரை இழுத்துக்கொள்ளும்.

முக்கியமான இன்னொன்று: மசாலா முழுக்க ஆற வேண்டும். இளஞ்சூட்டோடு வைத்தால் அடியில் இருக்கும் கொழுப்பு அடுப்பு ஏறும் முன்பே உருகிவிடும். உரித்த முட்டையையும் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

●

முட்டைக்கு இரண்டு முறை வேக்காடு. முதலில் தண்ணீரில், அப்புறம் அடுப்புக்குள். அதனால் கொதிநீரில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் விடாமல் உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுவது நல்லது. நீண்ட நேரம் வெந்தால் வெள்ளைக் கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து பச்சை வளையம் போடும். கெடுதல் இல்லை, பார்க்கத்தான் சகிக்காது. நாமக்கல் லாரியில் வந்து இறங்கிய அன்றே வேகவைத்தால் ஓடோடு வெள்ளையும் பெயர்ந்து வரும். சில நாள் இருந்த முட்டைதான் சுத்தமாக உரியும்.

●

இப்போது ஒட்டுகிற வேலை. பப்ஸில் ஒட்ட வேண்டிய இடம் ஒன்று, ஒட்டவே கூடாத இடம் ஒன்று. சதுரத்தின் நடுவே ஒரு மேசைக்கரண்டி மசாலா, அதன் மேல் கவிழ்த்த முட்டை. எதிரெதிர் மூலைகளில் ஒன்றின் உட்புறத்தில் மட்டும் விரலால் தண்ணீர் தொட்டுத் தடவி, இரண்டு மூலையையும் மூன்று சென்டிமீட்டராவது ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி கொண்டுவந்து அழுத்த வேண்டும். வேகும்போது மாவு சுருங்கும் என்பதால் விளிம்போடு விளிம்பு ஒட்டினால் நிற்காது. இந்த வடிவத்தில் இரண்டு முனையும் திறந்தே இருக்கிறது, உள்ளே இருக்கும் ஆவி அந்த வழியாகப் போய்விடும். செவ்வகமாக முழுக்க மூடுகிறவர்கள் மேலே முள்கரண்டியால் நாலைந்து குத்து குத்தியே ஆக வேண்டும். இல்லையென்றால் ஆவி தானே வழி தேடிக்கொள்ளும், பெரும்பாலும் அடிப்பக்கத்து ஒட்டைப் பிளந்து.

ஒட்டக்கூடாத இடம், வெட்டிய விளிம்பு. பளபளப்புக்காக அடித்த முட்டையை மேலே தடவுகிறோமே, அது விளிம்பில் வழிந்தால் எண்பத்தொரு அடுக்கையும் பசைபோல் ஒன்றாகச் சேர்த்துவிடும். அந்தப் பக்கம் உயராது. ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் அமுங்கி வரும் பப்ஸ்களில் பாதிக்கு இதுதான் காரணம். மீதிப் பாதிக்கு மொட்டைக் கத்தி. கத்தியை இழுத்து அறுத்தால் விளிம்பு நசுங்கும், கூரான கத்தியால் நேராக அழுத்தி வெட்ட வேண்டும்.

●

அடுப்பு 220 டிகிரிக்குச் சூடேறிய பிறகுதான் தட்டு உள்ளே போக வேண்டும். முதல் பதினைந்து நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது. பிறகு 180-க்குக் குறைத்து இன்னும் பத்து, பதினைந்து நிமிடம். வெளியே எடுத்த தட்டில் கொழுப்பு குளமாக நின்றால் ஒன்று அடுப்பு சூடாகும் முன்பே வைத்திருக்கிறீர்கள், இல்லை மடிக்கும்போதே அடுக்கு கலந்திருக்கிறது. மேலே சிவந்து உள்ளே பச்சை மாவாக இருந்தால் இரண்டாவது கட்டத்தில் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

●

வெளிப்பக்கம் பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடலாம். மூடிய பிறகு எது முட்டை, எது காய்கறி என்று மாஸ்டருக்கே தெரியாது என்பதால், பல பேக்கரிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் வைத்திருக்கிறார்கள். வடிவம் கடைக்குக் கடை மாறும். ஒரு ஊரில் முக்கோணம் முட்டை என்றால் அடுத்த ஊரில் அது காய்கறி. சைவக்காரர்கள் கேட்டு வாங்குவதே நல்லது.

●

கடலோரத் தூத்துக்குடியைவிட உள்நாட்டுக் கரிசல் ஊரில் பப்ஸ் கொஞ்சம் அதிக நேரம் மொறுமொறுப்பாக நிற்கும். காற்றில் ஈரம் குறைவு. ஆனாலும் உள்ளே இருக்கும் முட்டையும் மசாலாவும் மெல்ல மெல்ல அடித் தகட்டுக்கு ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், எவ்வளவு ஒட்டினாலும் அது நிற்காது. நமுத்துப்போன பப்ஸை மைக்ரோவேவில் வைத்தால் இன்னும் தொய்ந்துபோகும். முழு முட்டை வைத்த பப்ஸாக இருந்தால் முட்டை வெடிக்கவும் வாய்ப்புண்டு. தோசைக்கல்லைச் சிறுதீயில் காயவைத்து, பப்ஸை வைத்து, மேலே ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து ஐந்து நிமிடம் விட்டால் அடித் தகடு திரும்ப மொறுமொறுக்கும்.

●

பல்பு எரியும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பப்ஸ் சூடாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சூடு போதாது. வெந்த முட்டையில் கிருமி வளராமல் இருக்க அறுபது டிகிரியாவது வேண்டும். குண்டு பல்பு பெரும்பாலும் இளஞ்சூடுதான் கொடுக்கும், கிருமிக்கு அது தோதான சூடு. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குச் சுட்டு இறக்கியதை அன்று சாயங்காலமே சாப்பிட்டுவிடலாம். மூடுகிற நேரத்தில் மிச்சமிருப்பதை வாங்குவதாக இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடித் தகடு கண்ணாடிபோல் எண்ணெய் ஊறி, விரலுக்கு மெத்தென்று இருந்தால் காலையில் சுட்டது. அப்போது பன் வாங்கிக்கொள்ளலாம்.