தவறிய தவணையும் தவறிப்போகும் காப்பும்



இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நம்மவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் குறித்த நாளில் வருவதில்லை. துறைமுகத்தில் வேலையிருந்தால் கூலி; கண்டெய்னர் லாரி ஓடினால் வருமானம். அதனால் காப்பீட்டுப் பிரிமியத்தை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டாமல், தவணையாகவோ வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறையிலோ கட்டுகிறார்கள். காப்பீடு மார்க்க அடிப்படையில் கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்தை இங்கே தொடவில்லை. ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவர், ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்பதை அறிந்திருக்க வேண்டும் என்பதே என் நோக்கம்.

இதற்குச் சான்றாக, உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்த எல்.ஐ.சி. வழக்கு ஒன்றைப் பாருங்கள். ஒருவர் 2011 ஏப்ரல் 14இல் 3,75,000 ரூபாய்க்கு ஆயுள் பாலிசி எடுத்தார். விபத்தில் இறந்தால் மேலும் 3,75,000 ரூபாய் கிடைக்கும் என்பது அதன் நிபந்தனை. ஆறு மாதத்திற்கு ஒருமுறை பிரிமியம். அக்டோபர் 14இல் கட்ட வேண்டிய இரண்டாம் தவணையை அவர் கட்டவில்லை. 2012 மார்ச் 6இல் விபத்தில் சிக்கினார். மூன்று நாள் கழித்து, மார்ச் 9இல், நின்றுபோன பிரிமியம் செலுத்தப்பட்டது. மார்ச் 21இல் அவர் இறந்துவிட்டார்.

அடிப்படைத் தொகை 3,75,000 ரூபாயை எல்.ஐ.சி. கொடுத்தது. விபத்துக்கான கூடுதல் தொகையை மறுத்தது. மனைவி தொடுத்த வழக்கு நுகர்வோர் மன்றங்களில் ஏறியிறங்கி, இறுதியில் உச்ச நீதிமன்றத்தில் எல்.ஐ.சி.க்குச் சாதகமாக முடிந்தது. விபத்து நடந்த நாளில் பாலிசி நடப்பில் இல்லை. பிறகு பணம் கட்டியது அந்நாளைத் திருத்திவிடாது. பணம் கட்டும்போது விபத்து நடந்ததைத் தெரிவிக்காமல் மறைத்ததையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

இவ்வழக்கு உணர்த்துவது ஒன்றே. புதுப்பித்தல் என்பது புதுப்பித்த நாளிலிருந்துதான் காப்பளிக்கும். நடந்து முடிந்த துன்பத்தைப் பின்னோக்கிச் சென்று மூடாது.

அப்படியானால் ஒருநாள் தாமதமானாலே எல்லாம் போய்விடுமா? இல்லை. கிரேஸ் பீரியட் என்னும் சலுகைக் காலம் இருக்கிறது. மாதத் தவணைக்கு 15 நாள். மூன்று மாத, ஆறு மாத, ஆண்டுத் தவணைக்கு 30 நாள். ஆயுள் பாலிசி இக்காலத்தில் நடப்பிலேயே இருக்கும். மேற்சொன்ன வழக்கில் இச்சலுகை நவம்பர் நடுவிலேயே முடிந்துவிட்டது.

மருத்துவக் காப்பீட்டில் ஒரு வேறுபாடு உண்டு. தவணையாகக் கட்டுபவருக்குச் சலுகைக் காலத்திலும் காப்பு உண்டு என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் அறிவித்தது. ஆனால் ஓராண்டு பாலிசி முடிந்து, புதுப்பிக்கத் தாமதித்தால் நிலைமை வேறு. சலுகைக் காலத்துக்குள் பணம் கட்டினால் பழைய தொடர்ச்சி நிலைக்கும். இடைப்பட்ட நாள்களில் மருத்துவமனை சேர்ந்த செலவு மட்டும் கிடைக்காது. சலுகைக் காலமும் கடந்துவிட்டால், சர்க்கரை போன்ற முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண்டுப் பிரிமியம் 12,000 ரூபாயை மாதம் 1,000 ரூபாயாகக் கட்டுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் கட்டிய நிலையில் ஒரு கிளெய்ம் வந்தால், மீதி 9,000 ரூபாயையும் கழித்துக்கொண்டு கொடுக்கும் உரிமை பொதுவாக நிறுவனத்துக்கு உண்டு.

வங்கி தானே பிடித்துக்கொள்ளும் என்று நம்பியிருப்போர்தாம் பெரிதும் ஏமாறுகிறார்கள். பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு இரண்டு லட்ச ரூபாய் ஆயுள் காப்பு. ஜூன் 1 முதல் மே 31 வரை அதன் காலம். மே மாதம் பணம் பிடிக்க வரும்போது கணக்கில் இருப்பு இல்லையென்றால் காப்பு அறுந்துவிடும். பிறகு மீண்டும் சேர்ந்தாலும் முதல் 30 நாளில் விபத்தல்லாத காரணத்தால் மரணம் நேர்ந்தால் தொகை கிடைக்காது.

இருப்பு இருந்தும் பணம் பிடிபடாமல் போவதுண்டு. சம்பளக் கணக்கு வேறு வங்கிக்கு மாறியிருக்கலாம். பிரிமியம் உயர்ந்து, நீங்கள் கையெழுத்திட்டு அனுமதித்த உச்சத் தொகையைத் தாண்டியிருக்கலாம். தவணை நாளுக்கு மறுநாள் பாஸ்புக்கைப் பதிவு செய்து பாருங்கள். பணம் கழிந்திருக்கிறதா, காப்பீட்டு நிறுவனத்தின் ரசீது வந்திருக்கிறதா என்று இரண்டையும் சரிபாருங்கள். கழியவில்லையெனில் சலுகைக் காலம் முடியுமுன் நேரில் கட்டி ரசீது பெறுங்கள்.

பாலிசிப் பத்திரம் எங்கே இருக்கிறது, அடுத்த தவணை எந்நாள் என்பதை வீட்டிலுள்ள பெண்களும் அறிந்திருக்கட்டும். அத்தொகை தேவைப்படும் நாளில் அதைக் கேட்டுச் செல்ல வேண்டியவர்கள் பெரும்பாலும் அவர்களே.