வடிவம் சரி, எண் தவறு

விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் இரும்புக் கடை நடத்தும் என் பழைய மாணவர், விழுப்புரக் கடைக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குக் கம்பி வாங்கினார். அதற்குச் செலுத்திய 18,000 ரூபாய் வரியை அக்கடையின் உள்ளீட்டு வரி வரவில் காணவில்லை. விற்றவரின் மென்பொருளோ வாடிக்கையாளரின் ஜி.எஸ்.டி. எண்ணைச் சோதித்த பிறகே பட்டியலைச் சேமிக்கிறது. எங்கே பிசகியது?

பதினைந்து இடங்கள் கொண்டது அந்த எண். முதல் இரண்டு மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்து இடங்களில் பான் எண். கடைசி எழுத்து, முந்தைய பதினான்கையும் கொண்டு கணக்கிடப்படும் சரிபார்ப்பு எழுத்து. பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' விழுந்தால் வடிவ விதியே பிடித்துவிடும். 4718 என்பது 4178 ஆனால் வடிவம் கெடாது. சரிபார்ப்பு எழுத்து பொருந்தாததால்தான் பிழை தெரியும். ஆகவே வடிவத்தோடு நிற்கும் மென்பொருள் பாதி வேலையே செய்கிறது. மீதிப் பிழையை வரித் தளம் மாதக் கணக்கின்போது நிராகரிக்கும். அதற்குள் சரக்கும் பட்டியலும் போய்ச் சேர்ந்திருக்கும்.

மாணவரின் வழக்கில் இவ்விரு சோதனைகளும் தோற்றன. எழுத்தர் பதிந்திருந்தது அவருடைய புதுச்சேரிப் பதிவெண். அது பிழையற்ற, உயிருள்ள எண். வரவு புதுச்சேரிக் கணக்கில் போய் அமர்ந்தது. ஒரே பான் எண்ணாயினும் அதை விழுப்புரக் கடை எடுத்தாள இயலாது.

சேமிக்கும் முன் மாநிலக் குறியீட்டைச் சரக்கு சேரும் முகவரியோடு ஒப்பிட்டிருந்தால் போதும். முரண்பட்டால் தடுக்க வேண்டாம், கேட்டால் போதும் என்பேன். ஒரு மாநிலத்தவர் பெயரில் பட்டியலிட்டு வேறு மாநிலத்துக்குச் சரக்கனுப்புவது முறையான வணிகமே. விற்றவர் அடுத்த மாதத் திருத்தத்தில் எண்ணை மாற்றித் தந்தார்.