ஏலத்துல போட்டுருவோமா, ஏலம் விடப்படுமா?

ஒரு நகைக்கடன் நிறுவனம் தன் வாடிக்கையாளரிடம் பல இடங்களில் பேசுகிறது. வானொலியில் கூப்பிடுகிறது, குறுஞ்செய்தியில் வட்டியை நினைவுபடுத்துகிறது, தொலைபேசியில் விசாரிக்கிறது. கடைசியில், நகை மீட்கப்படாவிட்டால் ஏல அறிவிப்பு அனுப்புகிறது. எல்லா இடத்திலும் ஒரே தமிழ் போதுமா? இளைஞர்களுக்குப் பேச்சுத்தமிழ், பெரியவர்களுக்கு எழுத்துத்தமிழ் என்று விளம்பரத் துறையில் ஒரு கணக்கு ஓடுகிறது. அது பாதிதான் சரி. நகையை அடகு வைத்த 60 வயதுக்காரரும் கடை வாசலில் நின்று "வட்டி எவ்ளோங்க?" என்றுதான் கேட்கிறார்.

எழுத்துத்தமிழில் ஆள் தெரியாது. "செலுத்தவும்" என்று எழுதினால் சொல்வது யார், எந்த ஊர், கேட்பவரைவிட மூத்தவரா இளையவரா என்று எதுவும் புலப்படாது. பேச்சுத்தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. "கட்டு" என்றால் ஒரு உறவு, "கட்டுங்க" என்றால் வேறொன்று, "கட்டிடுங்க" என்பதில் கொஞ்சம் உரிமையும் அவசரமும் சேர்கின்றன. ஆகவே வயதைப் பார்ப்பதற்கு முன்னால், இந்தச் செய்தியில் ஒரு மனிதர் பேச வேண்டுமா, நிறுவனம் பேச வேண்டுமா என்று பார்ப்பதே நல்லது.

வானொலியில் மனிதர்தான் வேண்டும். அண்ணனும் தங்கையும் பள்ளிக் கட்டணத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதுபோல் ஒரு விளம்பரம் எழுதினால், அதில் "பணம் தேவைப்படுகிறது" என்று தங்கை சொன்ன நொடியே கேட்பவருக்கு நாடகம் கலைந்துவிடும். "பணம் தேவைப்படுதுண்ணே" என்றுதான் சொல்வாள். ஆனால் உரையாடல் முடிந்ததும் வரும் அறிவிப்புக் குரல் பெரும்பாலும் எழுத்துத்தமிழுக்கு மாறிவிடும். கடையின் பெயரும் நிபந்தனையும் அதில்தான் வரும். நம் காது இந்த மாற்றத்துக்குப் பழகிவிட்டது. யாரும் முகம் சுளிப்பதில்லை.

குறுஞ்செய்தியில் கதை வேறு. தமிழ் எழுத்துகளில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 இடங்கள்தான். புள்ளியும் கொம்பும் காலும்கூட இடம் பிடிக்கும். "செலுத்தப்பட வேண்டும்" 20 இடங்களைத் தின்கிறது, "கட்டிடுங்க" 10 இடத்தில் முடிகிறது. இதைக் காட்டித்தான் பேச்சுத்தமிழுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள். ஆனால் "செலுத்தவும்" 11 இடம்தான்! நீளத்துக்குக் காரணம் எழுத்துத்தமிழ் அல்ல, அலுவலக நடை. "உங்கள் நகைக்கடன் வட்டியை 15ஆம் தேதிக்குள் செலுத்தவும்." இது 54 இடங்கள். மிச்சமுள்ள 16 இடத்தில் கடையின் பெயரைப் போடலாம்.

பேச்சுத்தமிழை எழுத்தில் படிப்பதற்கும் ஒரு சிரமம் உண்டு. அதற்கு நிலையான எழுத்துக்கூட்டல் கிடையாது. கட்டாவிட்டால் என்பதை ஒருவர் "கட்டலைன்னா" என்பார், இன்னொருவர் "கட்டாட்டி" என்பார். ஓர் ஊருக்குப் பழகியது அடுத்த ஊர்க்காரரைத் தடுக்கிவிடும். யாழ்ப்பாணத்தில் "கட்டுங்கோ" என்பார்கள். அங்கே "கட்டுங்க" என்று எழுதினால் தமிழ்நாட்டு சினிமா வசனம்போல் ஒலிக்கும். பல ஊர்களுக்கு ஒரே செய்தி போகிறது என்றால் எளிய எழுத்துத்தமிழே பாதுகாப்பு. பேச்சின் நெருக்கம் கொஞ்சம் வேண்டுமென்றால் "உங்கள்" என்பதை "உங்க" ஆக்கி, வினையின் கடைசியில் "ங்க" சேர்த்தால் போதும். பெயர்ச்சொற்களைச் சிதைக்க வேண்டாம். "வட்டி"யும் "தேதி"யும் இரண்டு தமிழிலும் அதேதான்.

தொலைபேசியில் பதிவுசெய்த குரல் "தங்கள் கணக்கு எண்ணை உள்ளிடவும்" என்கிறது. கேட்பவர் அதை இயந்திரம் என்று ஏற்றுக்கொள்கிறார். அதே வாக்கியத்தை அழைப்பு மையத்து ஊழியர் சொன்னால் எதிர்முனையில் ஒரு நொடி அமைதி விழும். அவருக்கு எழுதிக் கொடுக்கும் வசனத்தில் "உங்க கணக்கு நம்பர் சொல்லுங்க" என்றே இருக்க வேண்டும்.

இனி ஏல அறிவிப்பு. வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் ஏலத்துக்கு முன் இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன்காரருக்குத் தனியாகவும் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தை நட்பாக எழுதுகிறேன் என்று யாராவது "15ஆம் தேதிக்குள்ள மீட்கலைன்னா நகையை ஏலத்துல போட்டுருவோம்" என்று எழுதினால் என்ன ஆகும்? வானொலியில் அண்ணனாகப் பேசிய குரல் இங்கே தெருமுனையில் நின்று மிரட்டுகிறது. வரிக்கு வரி பொருள் அதேதான். ஆனால் பேச்சுத்தமிழ் கொண்டுவந்த மனிதர் இப்போது கந்துவட்டிக்காரர் ஆகிவிட்டார். "மீட்கப்படாத நகைகள் ஏலம் விடப்படும்" என்ற வாக்கியத்தில் ஆள் இல்லை, விதி மட்டுமே இருக்கிறது. வாங்கிப் படிப்பவரின் மானத்துக்கு அதுவே மரியாதை. செயப்பாட்டு வினையை நான் எங்கும் பரிந்துரைப்பதில்லை, இங்கே மட்டும் பரிந்துரைப்பேன்.

உங்கள் கடைக்கு வாசகம் எழுதித் தருபவர் எல்லாவற்றையும் ஒரே நடையில் கொண்டுவந்தால், அதைக் கவுன்ட்டரில் இருக்கும் ஊழியரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்த வரியை மாற்றுங்கள். ஏல அறிவிப்பை மட்டும் வக்கீலிடம் காட்டிவிட்டு, எழுத்துத்தமிழிலேயே விட்டுவிடுங்கள்.